காதுக்காக எழுதிய அறிமுகம்

ஹட்டனில் நடந்த நூல் வெளியீட்டில் ஓய்வுபெற்ற பாடசாலை அதிபர் ஒருவரை அறிமுகப்படுத்தும் பொறுப்பு எனக்கு வந்தபோது, ஏற்பாட்டாளர்கள் தந்த குறிப்பு இப்படி இருந்தது: "பண்டாரவளையில் பிறந்து, பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்று, 1985 முதல் 2018 வரை ஆசிரியராகவும் அதிபராகவும் பணியாற்றி, தோட்டப்புறத் தாலாட்டுகளைத் தொகுத்து வெளியிடும்…" அழைப்பிதழில் அச்சிட்டால் இதில் குறையேதும் இல்லை. ஆனால் எச்சங்களாகவே நீளும் வாக்கியத்தில் எழுவாய் கடைசியில்தான் வருவதால், யாரைப் பற்றிய செய்தி என்று தெரியாமலே கேட்பவர் அத்தனையையும் சுமக்க வேண்டியிருக்கிறது. வாசிப்பவரைப் போல அவரால் பின்னோக்கிப் போய்ப் பார்க்கவும் முடியாது.

எனவே ஒவ்வொரு எச்சத்தையும் முடித்து, தனி வாக்கியமாக்கினேன். ஆண்டுகளைக் கால அளவாக மாற்றினேன்.

"இவர் நம் பிள்ளைகளுக்கு முப்பத்து மூன்று வருடம் படிப்பித்தவர். பிறந்தது பண்டாரவளை. படித்தது பேராதனை. ஓய்வு பெற்றார், ஓயவில்லை. தோட்டக் குடியிருப்புகளில் லயம் லயமாகச் சென்று, பாட்டிமார் பாடப் பாடக் கேட்டு, தாலாட்டுகளை எழுதி வைத்தார். அந்தத் தொகுப்பு இன்று நம் கையில்."

பெயரை இதற்குப் பிறகே தனியாகச் சொன்னேன். கைதட்டல் எழும் இடம் அதுதான், அதன்பின் எதைச் சொன்னாலும் அந்த ஓசையில் அமிழ்ந்துவிடும். வாக்கியங்கள் எல்லாமே குறுகினால் தந்தி வாசிப்பதுபோல் ஒலிக்கும் என்பதால், லயம் பற்றிய வாக்கியத்தை மட்டும் வேண்டுமென்றே நீளவிட்டேன். உரக்க வாசித்து, மூச்சு முட்டிய இடங்களிலெல்லாம் மீண்டும் வெட்டினேன். மனதுக்குள் வாசித்தால் அந்த இடங்கள் தெரிவதில்லை.