மூணாறு பேக்கேஜ்: விலை பார்க்கும் முன்

மூணாறு, தேக்கடி, ஆலப்புழை. மூன்று இரவு, இருவருக்கு. ஒருவர் 18,000 ரூபாய் கேட்கிறார், இன்னொருவர் 20,500. முதலாவது மலிவுதானா?

சாப்பாட்டுக் குறியீட்டைப் பாருங்கள். சி.பி. என்றால் அறையுடன் காலை உணவு மட்டும்; எம்.ஏ.பி. என்றால் இரவு உணவும் உண்டு. 18,000 சி.பி. என்றால், மூணாறிலும் தேக்கடியிலும் இரவுச் சாப்பாடு உங்கள் செலவு. ஆளுக்கு 400 என்று வைத்தால் 1,600. மூன்றாம் இரவு ஆலப்புழைப் படகு வீட்டில்; அங்கே பெரும்பாலும் சாப்பாடு சேர்ந்தே வரும். இரவிகுளம் நுழைவுக் கட்டணம், பெரியாறு படகு டிக்கெட் இரண்டும் சேராதிருந்தால் இன்னொரு 1,200 வையுங்கள். ஆக 20,800. இன்னொருவரின் 20,500-இல் இவை எல்லாம் சேர்ந்திருந்தால், அதுதான் குறைவு!

ஓட்டலின் பெயரை எழுத்தில் கேட்டு வாங்கி, வரைபடத்தில் தேடுங்கள். ‘மூணாறு ஓட்டல்’ என்பார்கள். அது சின்னக்கானலிலோ ஆனச்சாலிலோ இருக்கும். அழகான இடங்கள்தாம், ஆனால் ஊருக்குள் வர மலைப்பாதையில் வெகுநேரம் போகும். ‘அல்லது அதற்கு இணையான ஓட்டல்’ என்று போட்டிருந்தால், எது என்று விடாமல் கேளுங்கள்.

படகு வீட்டில் ஏ.சி. நாள் முழுவதுமா, இரவில் மட்டுமா என்பதையும் கேட்டுவிடுங்கள். பல படகுகளில் இரவில் மட்டுந்தான்.