லெஃப்ட் முந்தி ரைட் பிந்தி: ஒரு ரெக்கார்டிங்கை சரி பண்ணின கதை

ஒரு பேட்டி ரெக்கார்ட் பண்ணேன், லெஃப்ட்ல வயர் மைக், ரைட்ல டிஜிட்டல் வயர்லெஸ் மைக். ஹெட்ஃபோன்ல கேட்டா ஏதோ லேசா எதிரொலி மாதிரி இருந்துச்சு, பெருசா எடுத்துக்கல, ஆனா ரெண்டையும் மோனோவா சேர்த்ததும் குரல் குழாய்க்குள்ள இருந்து பேசுற மாதிரி ஆயிடுச்சு.

நல்லவேளை ஆரம்பத்துலயும் முடிவுலயும் ரெண்டு மைக்குக்கும் நடுவுல நின்னு கை தட்டியிருந்தேன். நடுவுல நிக்கிறது முக்கியம், ஏன்னா சத்தம் ஒரு மில்லி செகண்டுல 34 சென்டிமீட்டர்தான் போகும், ஒரு மைக் பக்கம் தள்ளி நின்னா அளவே தப்பாயிடும். Audacity-ல நல்லா ஜூம் பண்ணி பார்த்தா ரைட்ல அந்த தட்டல் 18 மில்லி செகண்ட் லேட்டா வருது. கடைசி தட்டல்லயும் அதே 18. அப்போ இடைவெளி கூடிக்கிட்டே போகல, வயர்லெஸ் சிக்னலை டிஜிட்டலா மாத்தி அனுப்புறதுல வர்ற நிலையான தாமதம்தான்னு புரிஞ்சுது. அதனால முந்தி வர்ற லெஃப்டை அதே அளவு தள்ளினேன்:

```
ffmpeg -i in.wav -af "adelay=18|0" out.wav
```

முதல் எண் லெஃப்ட், அடுத்தது ரைட். மாத்திப் போட்டா இடைவெளி 36 ஆயிடும், அதனால தட்டலை மறுபடி ஜூம் பண்ணி பாத்துக்கோங்க. ஒருத்தர் குரல் இன்னொருத்தர் மைக்ல தூரத்துல இருந்து விழுறதை மட்டும் இது சரி பண்ணாது, அதுக்கு ஒருத்தர் பேசும்போது மத்த மைக்கோட வால்யூமை குறைச்சேன்.