கிளார்க்கிலிருந்து ஆபீசர்: நேர்காணலுக்கு ஒரு பக்கப் பணிச் சுருக்கம் எழுதும் முறை

எழுத்துத் தேர்வு முடிந்து நேர்காணலுக்குக் கூப்பிட்டுவிட்டார்கள், கூடவே பணிச் சுருக்கமும் கேட்கிறார்கள் என்றால் இந்தப் பதிவு உங்களுக்கு. சில வங்கிகள் படிவம் தரும், சில வெள்ளைத்தாளில் கேட்கும். எதுவானாலும் உள்ளே வர வேண்டியவை மூன்றுதான்: கிளையில் பார்த்த வேலை, வாடிக்கையாளரைக் கையாண்ட விதம், தொடர்ந்து படித்தது. ஏ4 தாளில் ஒரு பக்கம், முந்நூறு முந்நூற்றைம்பது வார்த்தை போதும். இரண்டாம் பக்கத்தை யாரும் திருப்புவதில்லை.

உதாரணங்கள் எல்லாம் ராமநாதபுரம் கடலோரக் கிளைகளை மனத்தில் வைத்து எழுதியவை. எண்கள் மாதிரிக்குப் போட்டவை. உங்கள் தாளில் உங்கள் கிளையின் எண்தான் இருக்க வேண்டும்.

முதலில் கையில் எடுக்க வேண்டியவை

இடமாறுதல் உத்தரவுகள், கிளையின் வேலைப் பங்கீட்டு உத்தரவு, சாவிப் பொறுப்பு வாங்கிக் கொடுத்த பதிவேட்டின் தேதிகள், புகார்ப் பதிவேட்டில் உங்கள் மேசைக்கு வந்தவை, சான்றிதழ்கள். நினைவிலிருந்து எழுதினால் தேதி தப்பும். குழுவின் கையில் உங்கள் பணிக் கோப்பு இருக்கும். தொண்டியிலிருந்து மண்டபத்துக்கு மாறிய மாதத்தை நீங்கள் தப்பாகப் போட்டிருந்தால் அடுத்து சொல்வதையெல்லாம் சந்தேகத்தோடுதான் கேட்பார்கள்.

இதற்கு நாற்பது பக்க நோட்டும் பேனாவும் போதும். எக்செல் திறந்தால் கட்டம் போட்டு வண்ணம் அடிப்பதிலேயே ஞாயிற்றுக்கிழமை போய்விடும். கிளையின் கணக்குப் பட்டியலைச் சொந்த மெயிலுக்கு அனுப்பி வீட்டில் உட்கார்ந்து எண்ணுகிற வேலை கண்டிப்பாக வேண்டாம். மொத்த எண்ணிக்கையை மட்டும் குறித்துக்கொண்டு வந்தால் போதும். சுருக்கத்திலும் வாடிக்கையாளர் பெயரோ கணக்கு எண்ணோ வரக்கூடாது. அது ரகசியக் காப்பு மீறல், அதைக் கவனிக்கிறவர் குழுவில் ஒருவராவது இருப்பார்.

கிளை வேலை: வினைச்சொல்லைப் பாருங்கள்

இந்தப் பத்தியில் பலர் சறுக்குவது வினைச்சொல்லில். ‘நகைக்கடன் வழங்கினேன்’ என்று கிளார்க் எழுதினால், ‘உங்களுக்கு அந்த அதிகாரம் யார் கொடுத்தார்கள்?’ என்பதுதான் முதல் கேள்வியாக வரும். அனுமதிப்பது மேலாளர். நீங்கள் செய்தது விண்ணப்பத்தையும் அடையாள ஆவணத்தையும் சரிபார்த்தது, மதிப்பீட்டாளர் எடை போடும்போது கூட இருந்தது, கணினியில் பதிவுசெய்து அதிகாரியின் ஒப்புதலுக்கு வைத்தது, நகைப் பையைக் கூட்டுப் பொறுப்பில் பெட்டகத்தில் ஏற்றியது. அதை அப்படியே எழுதுங்கள். பதிவுசெய்பவர் ஒருவர், ஒப்புதல் தருபவர் வேறொருவர் என்ற விதி உங்களுக்குப் புரிந்திருக்கிறது என்பது அதிலேயே தெரியும். ஆபீசர் ஆனால் உட்காரப்போவது அந்த ஒப்புதல் நாற்காலியில்தானே.

‘கிளை இலக்கை எட்டியது’ என்ற வரியை அடித்துவிடுங்கள். அது கிளையின் சாதனை. உங்கள் மேசையில் நடந்ததைச் சொல்லுங்கள்.

மீன் ஏலக்கூடத்துக்குப் பக்கத்துக் கிளையில் கேஷ் பார்த்தவர்களிடம் சொல்ல விஷயம் இருக்கும், ஆனால் எழுதுவதில்லை. ஏலப் பணம் ஈரமாக, சில நேரம் செதிலோடு வரும். நோட்டுகள் ஒட்டிக்கொள்வதால் எண்ணும் இயந்திரம் இரண்டை ஒன்றாக இழுக்கும், அல்லது பாதியில் நிற்கும். ஏலப் பணத்தைத் தனியே வாங்கி, விரித்து ஈரம் போகவிட்டு, கையால் ஒருமுறை எண்ணிவிட்டு இயந்திரத்தில் போட்டீர்கள், மாலைக் கணக்கில் வித்தியாசம் வருவது நின்றது என்றால் அது ஒரு முழு வரி. நூறு ரூபாயும் அதற்கு மேலும் உள்ள நோட்டுகளை இயந்திரத்தில் சோதித்த பிறகே மறுபடி வெளியே கொடுக்கலாம் என்பது ரிசர்வ் வங்கி விதி. அதனால் ‘இயந்திரத்தை விட்டுவிட்டுக் கையாலேயே எண்ணிக் கொடுத்தேன்’ என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.

வாடிக்கையாளர் பகுதி: இங்கேதான் நேரம் செலவிட வேண்டும்

‘கோபமாக வந்த வாடிக்கையாளரிடம் பொறுமையாகப் பேசிச் சமாதானப்படுத்தினேன்.’ பத்தில் எட்டுத் தாளில் இந்த வரி இருக்கும். இதில் என்ன சிக்கல், எதனால் வந்தது, நீங்கள் எதை மாற்றினீர்கள் என்று ஒன்றுமே இல்லை. இப்படி ஐந்து வரி எழுதுவதை விட ஒரே ஒரு விஷயத்தை முழுதாக எழுதுவது மேல்.

கடலோரத்துக்கே உரிய ஒன்றை எடுத்துக்கொள்வோம். பிரதம மந்திரி விபத்துக் காப்பீட்டுக்கு ஆண்டுக்கு இருபது ரூபாய் பிரீமியம். விபத்தில் உயிரிழந்தால் குடும்பத்துக்கு 2 லட்சம். காப்பு ஜூன் 1 முதல் அடுத்த மே 31 வரை. புதுப்பிக்கும் தொகையை மே கடைசியில் கணக்கிலிருந்து தானாகவே எடுப்பார்கள்.

இப்போது நம் கரையின் நாள்காட்டியைப் பக்கத்தில் வையுங்கள். கிழக்குக் கடலில் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். விசைப்படகுகள் கரையில் கட்டிக்கிடக்கும், கூலி வராது, இருந்ததையும் எடுத்துச் செலவு செய்திருப்பார்கள். பிரீமியம் எடுக்கும் நாளில் கணக்கில் இருபது ரூபாய்கூட இருக்காது. காப்பு அறுந்துபோகும். அது யாருக்கும் தெரியாது. ஜூன் 15-ல் படகு கடலுக்குப் போகும். ஏதாவது நடந்த பிறகுதான் குடும்பம் பாஸ்புக்கோடு கவுண்டருக்கு வரும்.

இதைக் கவனித்த கிளார்க் முதலில் எழுதிய வரி இது:

> மீனவ வாடிக்கையாளர்களிடையே காப்பீட்டு விழிப்புணர்வு ஏற்படுத்தி, சிறந்த சேவை வழங்கினேன்.

திருத்திய பிறகு:

> எங்கள் கிளையில் விபத்துக் காப்பீடு உள்ள மீனவர் கணக்குகள் 240. சென்ற ஆண்டு மே மாதத்தில் இருப்பு இல்லாமல் 83 கணக்குகளில் காப்பு புதுப்பிக்கப்படவில்லை. காரணம் தடைக்காலம் என்பதைக் கவனித்து மேலாளரிடம் சொன்னேன். அவர் அனுமதியுடன் மார்ச் மாதத்தில் இருப்புக் குறைந்த கணக்குகளின் பட்டியலை எடுத்து, கிளையின் வங்கி முகவர் மூலமும் போனிலும் தகவல் சொன்னேன். இந்த ஆண்டு விடுபட்டவை 19.

இரண்டாவதில் ‘சிறந்த’ என்ற சொல்லே இல்லை, கவனித்தீர்களா? சிக்கலின் அளவு, காரணம், உங்கள் பங்கு, யார் அனுமதி, கடைசி எண் என்று வரிசையாக வருகிறது. ‘மேலாளர் அனுமதியுடன்’ என்பதை வெட்டிவிடாதீர்கள். கணக்குப் பட்டியலை நீங்களாக எடுத்து வெளியே பேசினீர்கள் என்று அர்த்தமாகிவிடும்.

அடுத்த கேள்வி அநேகமாக, ‘மீதி 19 ஏன்?’ இதற்குப் பதில் இல்லையென்றால் மேலே எழுதியதெல்லாம் யாரோ எழுதிக் கொடுத்தது போல ஆகிவிடும். பிரித்து வைத்துக்கொள்ளுங்கள்: 7 கணக்குகளில் கேஒய்சி புதுப்பிக்காததால் பணம் எடுக்கத் தடை, 4 பேருக்கு 70 வயது முடிந்து தகுதி போய்விட்டது, 8 பேரின் போன் எண் மாறியிருந்தது. தாளில் 19 மட்டும் போதும். பிரிவு உங்கள் வாயில் இருக்கட்டும்.

‘அடுத்த ஆண்டு என்ன செய்வீர்கள்?’ என்றும் கேட்கலாம். கேஒய்சி ஏழையும் போன் எண் எட்டையும் சரிசெய்ய ஏப்ரல் 15-க்குப் பிறகுதான் வசதி. தடைக்காலத்தில் ஆட்கள் படகுக்கு வர்ணம் அடித்துக்கொண்டும் வலை பின்னிக்கொண்டும் கரையிலேயே இருப்பார்கள். மற்ற மாதங்களில் நடு ராத்திரி போய் விடிந்து வருகிறவரைப் பகல் பதினொரு மணிக்கு எங்கே பிடிப்பது?

உங்கள் கிளை வேறு மாதிரி இருக்கலாம். கீழக்கரையில் வெளிநாட்டுக்குப் போனவர்களின் கணக்கு, ராமேஸ்வரத்தில் யாத்திரைக்கு வந்தவரின் ஏடிஎம் சிக்கல் என்று எடுக்கலாம். ஏடிஎம் என்றால் ஒன்று: பணம் வராமல் கணக்கில் கழிந்திருந்தால், புகாரைக் கார்டு கொடுத்த வங்கியிடம்தான் பதிய வேண்டும். ஐந்து நாளுக்குள் திருப்பி வைக்காவிட்டால் தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு. ‘எங்கள் கிளையிலேயே தீர்த்துவைத்தேன்’ என்று எழுதினால் மாட்டிக்கொள்வீர்கள். வழி சொல்லி, புகார் பதிய உதவினேன் என்பதே சரி.

படிப்பு

ஜேஏஐஐபி முடித்திருந்தால் முடித்த மாதமும் ஆண்டும், அவ்வளவுதான். நான்கு தாளின் பெயரையும் எழுதி இடத்தை அடைக்க வேண்டாம். சிஏஐஐபிக்குப் பணம் கட்டிப் பதிவு செய்யாமல் ‘படித்துக்கொண்டிருக்கிறேன்’ என்று போடாதீர்கள், ‘எந்தத் தாள், எப்போது எழுதினீர்கள்?’ என்பார்கள். ஒரு தாள் போயிருந்தால் மறைக்காமல் எத்தனை முடிந்தது என்று எழுதலாம்.

மீதி இடத்தில், படித்ததால் மேசையில் மாறிய ஒன்றைச் சொல்லுங்கள். 2025 நவம்பர் 1 முதல் டெபாசிட் கணக்குக்கு நான்கு பேர் வரை நாமினி போடலாம். ஒரே நேரத்தில் பங்கு பிரித்தும் போடலாம், ஒருவருக்குப் பின் ஒருவர் என்றும் போடலாம். லாக்கருக்கு ஒருவருக்குப் பின் ஒருவர் என்ற முறை மட்டும்தான். சுற்றறிக்கை வந்ததும் படித்து, கவுண்டரில் படிவத்தை வாங்கும்போது பங்குகளைக் கூட்டினால் நூறு சதவீதம் வருகிறதா என்று பார்க்கத் தொடங்கினேன் என்றால், பத்து இணையவழிப் பயிற்சிச் சான்றிதழ்களை விட அது பேசும்.

பின்சேர்க்கை

பதிவு வந்த பிறகு சிலர் கேட்டது: தாளை ஆங்கிலத்தில்தானே கொடுக்க வேண்டும், தமிழில் ஏன் எழுதிப் பார்க்க வேண்டும்? நேராக ஆங்கிலத்தில் எழுதினால் பழைய விண்ணப்பங்களில் பார்த்த பெரிய சொற்கள்தான் கைக்கு வரும். பக்கத்து கவுண்டர்க்காரரிடம் சொல்வதுபோல் தமிழில் எழுதி, பிறகு சின்னச் சின்ன வாக்கியமாக மாற்றுங்கள். அச்செடுக்கும் முன் பிடிஎஃப் ஆக்குங்கள். வேறு கணினியில் வேர்டு கோப்பைத் திறந்தால் வரி தள்ளி இரண்டாம் பக்கத்துக்கு ஓடும்.

இன்னொருவர், கிளையில் எண்ணிக்கை எதுவும் எடுத்து வைக்கவில்லை, தோராயமாகப் போடலாமா என்று கேட்டிருந்தார். வேண்டாம். ‘தினமும் சுமார் நூறு டோக்கன்’ என்று போட்டு, குழுவில் உள்ளவர் உங்கள் கிளையில் முன்பு மேலாளராக இருந்தவராக அமைந்துவிட்டால் அந்த நூறிலேயே நேர்காணல் முடிந்துவிடும். நேர்காணலுக்கு இரண்டு வாரம் இருந்தாலும் இன்றிலிருந்து பத்து வேலை நாள் உங்கள் கவுண்டரில் எண்ணுங்கள், ‘இந்த மாதம் பத்து நாள் எண்ணியதில்’ என்று சேர்த்து எழுதுங்கள்.