விர்ச்சுவல் மெஷின் தவழ்கிறதா? இதைப் பாருங்கள்

தமிழ் மட்டும் தெரிந்த சமையல்காரரிடம் ஜப்பானியச் சமையல் குறிப்பைக் கொடுத்தால், பக்கத்தில் ஒருவர் வரிவரியாக மொழிபெயர்க்க வேண்டும். எமுலேட்டர் செய்வது இதைத்தான். போனின் ஆர்ம் சிப்புக்கு எழுதிய கட்டளைகளை இன்டெல் சிப்புக்குப் புரியும்படி மாற்றித் தருகிறது; அதனால்தான் தாமதம். குறிப்பு தமிழிலேயே இருந்தால், அடுப்பை யாருக்கு எப்போது தருவது என்று பார்க்க ஒரு மேற்பார்வையாளர் போதும். அவர்தான் ஹைப்பர்வைசர். கட்டளைகள் நேராகச் சிப்பிலேயே ஓடும். ஆனால் வேறு வகைச் சிப்புக்கானதை அவரால் ஓட்ட முடியாது.

லினக்ஸில் `QEMU` இரண்டு விதமாகவும் இயங்கும். நாம் சொல்லாவிட்டால் பெரும்பாலும் மொழிபெயர்ப்பில்தான் இறங்கும். இன்டெல் லேப்டாப்பில் அதற்குள் ஓடும் சாதாரண உபுண்டுவே தவழ்ந்தால், `QEMU`-வைத் தொடங்கும் கட்டளையில் இதைச் சேருங்கள்; லினக்ஸின் ஹைப்பர்வைசரான `KVM` வேலையை எடுத்துக்கொள்ளும்:

```
-accel kvm
```

பிழை வந்தால் `/dev/kvm` இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், ஹைப்பர்வைசருக்குத் தேவையான இன்டெல் சிப்பின் `VT-x` வசதி பயாஸில் அணைந்திருக்கலாம்.