மூன்று மாத வட்டியை மாதச் சம்பளமாக்குவது எப்படி?

என் சித்தப்பா கோவையில் ஒரு நூற்பாலையில் 34 ஆண்டுகள் வேலை பார்த்து, 2024 அக்டோபரில் 60 வயதில் ஓய்வு பெற்றார். வருங்கால வைப்பு நிதி, பணிக்கொடை, கையிருப்பு எல்லாம் சேர்த்து 35 லட்சம் ரூபாய் இருந்தது. தொழிலாளர் ஓய்வூதியமாக மாதம் 3,000 ரூபாய் வரும். வீட்டுச் செலவு மாதம் 22,000. அவரும் சித்தியும் யாரிடமும் கை நீட்டாமல் இந்தத் தொகை மாதந்தோறும் வர வேண்டும் என்பதுதான் அவர் என்னிடம் வைத்த ஒரே கோரிக்கை. அவருக்குச் செய்ததை அப்படியே படிப்படியாகத் தருகிறேன். உங்கள் தொகை வேறாக இருக்கலாம், ஆனால் வழி இதுதான்.

படி 1: பெரும்பகுதியை மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போடுங்கள்

இது மத்திய அரசின் திட்டம். அஞ்சலகத்திலும் பொதுத்துறை வங்கிகளிலும் கணக்கு தொடங்கலாம். 60 வயது நிறைந்திருக்க வேண்டும். 55 வயதைத் தாண்டி ஓய்வு பெற்றவர்களும் ஓய்வுக்காலப் பணம் கைக்கு வந்த மூன்று மாதங்களுக்குள் சேரலாம். ஒருவர் 30 லட்சம் வரை போடலாம், காலம் 5 ஆண்டுகள். 2023 ஏப்ரல் முதல் வட்டி 8.2 சதவீதமாக இருக்கிறது. அரசு காலாண்டுக்கு ஒருமுறை வட்டியை மாற்றியமைத்தாலும், நீங்கள் கணக்கு தொடங்கிய அன்று இருந்த வட்டியே ஐந்து ஆண்டுகளுக்கும் உங்களுக்குக் கிடைக்கும். ஆதார், பான், புகைப்படம், காசோலை ஆகியவற்றோடு போங்கள். வாரிசுதாரர் பெயரை அன்றே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

சித்தப்பாவுக்கு 20 லட்சம் என்று முடிவு செய்தோம். அதன் ஆண்டு வட்டி 1,64,000. ஆனால் அது மாதம் மாதம் வராது, மூன்று மாதத்துக்கு ஒருமுறை 41,000 ரூபாயாக வரும். இங்கேதான் பலரும் ஒரு தவறான கணக்குப் போடுகிறார்கள்.

பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் சித்தப்பாவிடம் சொல்லியிருந்தார்: பணத்தை மூன்றாகப் பிரித்து நவம்பர், டிசம்பர், ஜனவரி என்று மாதம் ஒரு கணக்கு தொடங்கினால், ஒவ்வொரு மாதமும் ஒரு கணக்கிலிருந்து வட்டி வரும் என்று. கேட்பதற்குச் சரியாகவே இருக்கிறது. சித்தப்பாவும் நவம்பர் 12 அன்று 10 லட்சத்துக்கு ஒரு கணக்கும், டிசம்பர் 10 அன்று 10 லட்சத்துக்கு இன்னொரு கணக்கும் ஒரு பொதுத்துறை வங்கியில் தொடங்கினார். ஜனவரி முதல் வாரத்தில் பாஸ்புக்கில் பதிவு போட்டுக்கொண்டு வந்தார். ஒன்றின் கீழ் ஒன்றாக இரண்டு வரிகள், ஒரே தேதி: ஒன்று ஏறக்குறைய 11,200 ரூபாய், மற்றொன்று 4,900. முதல் கணக்குக்கு 50 நாள் வட்டி, இரண்டாவதற்கு 22 நாள் வட்டி.

காரணம் எளிது. இந்தத் திட்டத்தில் நீங்கள் எந்தத் தேதியில் சேர்ந்தாலும் வட்டி மார்ச், ஜூன், செப்டம்பர், டிசம்பர் மாதங்களின் கடைசி நாளோடு கணக்கிடப்பட்டு, அடுத்த மாதத்தின் தொடக்கத்தில் வழங்கப்படும். முதல் முறை மட்டும் சேர்ந்த நாளிலிருந்து காலாண்டு முடியும் வரையிலான நாட்களுக்கு வட்டி வரும். எத்தனை கணக்கு தொடங்கினாலும் எல்லாம் ஒரே நாளில்தான் வட்டி தரும். ஆகவே மாத வருமானத்துக்கான வழியை வேறு இடத்தில் தேட வேண்டும்.

இரண்டு கணக்காகப் பிரித்தது வீண் என்று சொல்ல மாட்டேன். இந்தக் கணக்கிலிருந்து ஒரு பகுதியை மட்டும் எடுக்க முடியாது. அவசரத்துக்குப் பணம் வேண்டுமென்றால் முழுக் கணக்கையும் முடிக்க வேண்டும். ஓராண்டுக்குள் முடித்தால் வட்டியே கிடையாது, கொடுத்த வட்டியையும் அசலிலிருந்து பிடித்துக்கொள்வார்கள். ஓராண்டுக்குப் பின் இரண்டு ஆண்டுக்குள் என்றால் அசலில் 1.5 சதவீதம் பிடிப்பார்கள், இரண்டு ஆண்டு கடந்தால் 1 சதவீதம். 20 லட்சத்தை ஒரே கணக்காக வைத்து 14-ஆவது மாதத்தில் முடித்தால் 30,000 ரூபாய் போகும். இரண்டாகப் பிரித்திருந்தால் ஒன்றை மட்டும் முடிக்கலாம், இழப்பு 15,000-த்தோடு நிற்கும்.

படி 2: மாதந்தோறும் தருவதற்கு ஒரு திட்டம்

அஞ்சலக மாதாந்திர வருமானத் திட்டத்தில் தனிநபர் 9 லட்சமும், கூட்டுக் கணக்கில் 15 லட்சமும் போடலாம். வட்டி 7.4 சதவீதம், காலம் 5 ஆண்டுகள். சித்தப்பா நவம்பர் 12 அன்றே 9 லட்சம் போட்டார். ஒவ்வொரு மாதமும் 12-ஆம் தேதி 5,550 ரூபாய் வருகிறது. வட்டி முந்தைய திட்டத்தைவிடக் குறைவு என்பதால் இதில் தேவைக்கு மேல் போட வேண்டாம்.

ஓய்வூதியம் 3,000, இது 5,550, ஆக 8,550 ரூபாய் மாதந்தோறும் தானாக வந்துவிடுகிறது. மீதி சுமார் 13,500 ரூபாயை அந்தக் காலாண்டு வட்டியிலிருந்து எடுக்க வேண்டும்.

படி 3: ஏரியும் மதகும்

எங்கள் ஊரில் மழை மூன்று மாதம்தான் பெய்யும், வயலுக்குத் தண்ணீர் ஆண்டு முழுவதும் வேண்டும். அதற்குத்தான் ஏரி. சித்தப்பாவுக்கு இரண்டு சேமிப்புக் கணக்குகள் வைத்தோம். ஒன்றில் காலாண்டு வட்டி வந்து தேங்கும், அது ஏரி. இன்னொன்று சித்தியோடு சேர்ந்த வீட்டுச் செலவுக் கணக்கு. ஏரிக் கணக்கிலிருந்து ஒவ்வொரு மாதமும் 1-ஆம் தேதி 13,500 ரூபாய் செலவுக் கணக்குக்குப் போக வேண்டும் என்று வங்கியில் நிலையான உத்தரவு ஒன்று எழுதிக் கொடுத்தோம். மதகு அதுதான். காலாண்டுக்கு வருவது 41,000, போவது 40,500.

ஆனால் ஏரி முதல் நாளே வறண்டிருந்தால் மதகைத் திறந்து பயனில்லை. புதிதாகச் சேர்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். தொடக்கத்திலேயே 1 லட்சம் ரூபாயை ஏரிக் கணக்கில் விட்டுவைத்தோம். நவம்பரில் எந்த வருமானமும் வராததால் 22,000 முழுவதும் அதிலிருந்தே போனது. டிசம்பரில் 13,500 போனது. ஜனவரித் தொடக்கத்தில் முதல் வட்டியாகச் சுமார் 16,100 வந்தது. அடுத்த மூன்று மாதத்துக்கு 40,500 போக, ஏப்ரலில் முதல் முழு வட்டி வருவதற்குமுன் கணக்கில் சுமார் 40,000 ரூபாய் மிச்சம் இருந்தது. 1 லட்சத்துக்குப் பதில் 50,000 மட்டும் வைத்திருந்தால் பிப்ரவரி கழிந்ததும் கடன் கேட்கும்படி ஆகியிருக்கும்.

படி 4: மீதி 5 லட்சத்தை ஏணியாக அடுக்குங்கள்

வங்கி டெபாசிட்டை ஒரே தொகையாகப் போடாதீர்கள். ஒரு லட்சம் வீதம் ஐந்து டெபாசிட்டுகள், ஓராண்டு, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து ஆண்டுகள் என்று வெவ்வேறு காலத்துக்கு. ஓராண்டு டெபாசிட் முதிர்ந்ததும், பணம் தேவையில்லையென்றால் அதை ஐந்து ஆண்டுக்குப் போடுங்கள். அடுத்த ஆண்டு முதிர்வதையும் அப்படியே. இனி ஆண்டுக்கு ஒரு லட்சம் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கும். மருத்துவச் செலவு வந்தால் பெரிய கணக்குகளில் கை வைக்க வேண்டாம். வட்டி விகிதம் சரிந்தாலும் முழுப் பணமும் ஒரே நாளில் குறைந்த வட்டிக்குப் போய் விழாது.

இதில் கவனிக்க வேண்டியது தானியங்கிப் புதுப்பித்தல். அது ஓராண்டு டெபாசிட்டை மறுபடியும் ஓராண்டுக்கே புதுப்பித்துவிடும், ஏணி குலைந்துவிடும். முதிர்ந்த தொகை சேமிப்புக் கணக்குக்கு வர வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள். ஐந்தாண்டு டெபாசிட் போடும்போது வரிச்சேமிப்பு டெபாசிட்டாகப் போட்டுவிடவில்லை என்று ரசீதில் பாருங்கள். அதை இடையில் உடைக்கவே முடியாது.

டெபாசிட் காப்பீடு ஒரு வங்கியில் ஒருவருக்கு அசலும் வட்டியும் சேர்த்து 5 லட்சம் வரைதான். அதனால் மூன்றை ஒரு வங்கியிலும் இரண்டை வேறு வங்கியிலும் போட்டோம்.

படி 5: வரியும் 15எச் படிவமும்

இந்த வட்டிகள் அனைத்தும் வரிக்கு உட்பட்ட வருமானம்தான். ஆனால் வரிக்கு உட்பட்டது என்பதும் வரி கட்ட வேண்டும் என்பதும் ஒன்றல்ல. சித்தப்பாவின் 2025-26 கணக்கைப் பாருங்கள். மூத்த குடிமக்கள் திட்டத்தில் 1,64,000, மாதாந்திரத் திட்டத்தில் 66,600, வங்கி டெபாசிட்டில் 7 சதவீதம் என்று வைத்தால் 35,000, ஓய்வூதியம் 36,000. மொத்தம் 3,01,600. புதிய வரிமுறையில் 4 லட்சம் வரை வரியே இல்லை. அதற்கு மேல் போனாலும், 12 லட்சம் வரையிலான ஓய்வூதிய, வட்டி வருமானத்துக்குத் தள்ளுபடி கிடைத்து வரி பூஜ்யமாகிவிடும். 4 லட்சத்தைத் தாண்டினால் வரி இல்லாவிட்டாலும் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும். பழைய வரிமுறையில் வட்டிக்குக் கிடைக்கும் 50,000 ரூபாய் கழிவு புதிய முறையில் இல்லை, சித்தப்பா போன்றவர்களுக்கு அது தேவையும் இல்லை.

அப்படியானால் வட்டியில் பிடித்தம் ஏன் நடக்கிறது? உங்கள் மொத்த வருமானம் எவ்வளவு என்று வங்கிக்குத் தெரியாது. 2025 ஏப்ரல் முதல், மூத்த குடிமகனுக்கு ஒரு வங்கி தரும் வட்டி ஆண்டுக்கு 1 லட்சத்தைத் தாண்டினால் 10 சதவீதம் டிடிஎஸ் பிடிக்க வேண்டும். வரி எதுவும் வராது என்று நீங்கள் 15எச் படிவத்தில் எழுதிக் கொடுத்தால் பிடிக்க மாட்டார்கள்.

சித்தப்பா கணக்கு தொடங்கும்போதே படிவம் கொடுத்திருந்தார், பிடித்தம் இல்லை. 2025 ஜூலையில் பாஸ்புக்கைக் கொண்டுவந்து காட்டினார். 41,000 இருக்க வேண்டிய இடத்தில் 36,900. 4,100 ரூபாய் எங்கே என்று கேட்டார், முகம் வாடியிருந்தது. தவறு எங்களுடையதுதான். 15எச் ஒரு நிதியாண்டுக்கு மட்டுமே செல்லும். மார்ச் 31-உடன் பழைய படிவம் காலாவதியாகிவிட்டது, ஏப்ரலில் புதிதாகக் கொடுக்க மறந்துவிட்டோம். அன்றே கொடுத்தோம், அக்டோபர் வட்டி முழுதாக வந்தது. ஆனால் பிடித்த 4,100 ரூபாயை வங்கி திருப்பித் தராது. வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்துதான் வாங்க வேண்டும்.

ஆகவே ஏப்ரல் முதல் வாரத்தில், பணம் இருக்கும் ஒவ்வொரு இடத்திலும் தனித்தனியாகப் படிவம் கொடுத்து, முத்திரையிட்ட நகலை வாங்கி வையுங்கள். 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வருவதால் பிரிவு எண்களும் படிவ எண்களும் மாறுகின்றன. எண்ணைச் சொல்லிக் கேட்பதைவிட, மூத்த குடிமக்கள் டிடிஎஸ் வேண்டாம் என்று கொடுக்கும் படிவம் என்று கேட்டு வாங்குங்கள்.

மனைவி பெயரில் பணத்தைப் போட்டால் வட்டி அவர் கணக்கில் சேரும் என்று நினைப்பவர்கள் உண்டு. கணவர் கொடுத்த பணம் என்றால் அதன் வட்டி கணவரின் வருமானத்தோடுதான் சேரும். சித்தியின் சொந்தச் சேமிப்பு என்றால் மட்டுமே அது அவருடைய வருமானம்.

2029 நவம்பரிலும் டிசம்பரிலும் இரண்டு கணக்குகளும் முதிரும். அப்போதுள்ள வட்டிக்கு மூன்று ஆண்டுகள் நீட்டிக்கலாம். முதிர்ந்த ஓராண்டுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். அந்த இரண்டு தேதிகளையும் சித்தி பூஜையறைக் கதவின் உட்புறம் எழுதி ஒட்டியிருக்கிறார், கீழே ஏப்ரல் முதல் வாரம் 15எச் என்றும்.