கறி பொரியவில்லை, ஆவியில் வெந்துகொண்டிருந்தது

பயிற்சிக் காலத்தில் ஒரு கிலோ ஆட்டுத் தோள்கறியை பிரேசிங் செய்யச் சொன்னார்கள். அதாவது முதலில் சிவக்க வறுத்து, பிறகு கொஞ்சம் தண்ணீரில் மூடிபோட்டு மெதுவாக வேகவைப்பது. ஒன்றரை மணி நேரம் கழித்துத் திறந்தால் குழம்பு வெளிறிக் கிடந்தது, கறி ரப்பர் மாதிரி இருந்தது.

முதல் தப்பு வாணலியில். மொத்தக் கறியையும் ஒரே தடவையில் கொட்டிவிட்டேன். சடசட சத்தம் அடங்கி, கறி தண்ணீர் விட்டு, ஆவி கிளம்பியது. எண்ணெய் இருந்தும் அது ஆவியில் வேகவைப்பதுதான். ஈரம் உள்ளவரை மேற்பரப்பு 100 டிகிரியைத் தாண்டாது. பழுப்பும் வறுத்த மணமும் வர 140 டிகிரியாவது வேண்டும். (மீனுக்கு ஆவியில் வெந்த மென்மைதான் அழகு. இங்கே வேலைக்காகாது.)

அடுத்த முறை ஈரத்தைத் துணியால் ஒற்றியெடுத்து, நான்கு பங்காக, இடைவெளி விட்டுப் போட்டேன். சத்தம் கடைசிவரை ஓயவில்லை. அடியில் ஒட்டிய பழுப்பைக் கொஞ்சம் தண்ணீர் விட்டுச் சுரண்டிச் சேர்த்தேன். குழம்பின் ருசியே அதில்தான்.

இரண்டாவது தப்பு தீ. தளதளவென்று கொதித்தால் நார் இறுகிச் சாற்றைப் பிழிந்துவிடும். இந்தமுறை கறியின் பாதி உயரத்துக்குத் தண்ணீர், எப்போதாவது ஒரு குமிழி, இரண்டரை மணி நேரம். முள்கரண்டியைச் செருகித் திருகியதும் நார் பிரிந்தது; நார்களைப் பிணைக்கும் இணைப்புத் திசு ஜெலட்டினாகக் கரைந்திருந்தது.

அதே கறியை ஓவனில் 200 டிகிரியில் ரோஸ்ட் செய்தும் பார்த்தேன். மேலே மொறுமொறுப்பு, நல்ல மணம். உள்ளே மெல்ல முடியவில்லை. அந்தச் சூட்டில் திசு கரையும் முன்பே சாறு வற்றிவிடுகிறது. அதற்கு இளசான துண்டு வேண்டும்.