தேங்காய்ச் சிரட்டையில் அகல் தாங்கியும் மெழுகுக் கிண்ணமும்: தொடக்கநிலையினருக்கான செய்முறை

சிரட்டை நன்றாக எரியும் பொருள். இஸ்திரிப் பெட்டிக்குக் கரி வேண்டுமென்றால் நாம் தேடுவது சிரட்டைக் கரியைத்தான். ஆகவே சிரட்டையில் விளக்கு வைக்க விரும்புகிறவர் முதலிலேயே ஒரு விதியை ஏற்றுக்கொள்ள வேண்டும்: சிரட்டை விளக்கைத் தாங்கலாம், ஆனால் அதுவே விளக்காகக் கூடாது. எண்ணெயை நேரடியாகச் சிரட்டையில் ஊற்றித் திரி போடுவதையும், உருக்கிய மெழுகை அதற்குள் வார்த்து எரிப்பதையும் நான் பரிந்துரைப்பதில்லை. மெழுகு தீரும் தறுவாயில் திரி சாய்ந்து ஓட்டைத் தொடும். எண்ணெயோ மெழுகோ ஊறிய ஓடு அந்த நேரத்தில் எளிதாகப் பற்றிக்கொள்ளும். இங்கே நாம் செய்யப்போவது அடித்தாங்கி உள்ள ஒரு கிண்ணம். அதற்குள் மணல் பரப்பி, மண் அகலையோ அலுமினியக் கிண்ணத்தில் வரும் சிறு டீ லைட் மெழுகையோ வைக்கலாம். ஒரே தேங்காயில் கிண்ணமும் கிடைக்கும், அதன் அடித்தாங்கியும் கிடைக்கும்.

தேங்காயைத் தேர்ந்தெடுத்தல்

ஓடு கரும்பழுப்பாக இருக்கும் முற்றிய தேங்காயாக எடுத்துக்கொள்ளுங்கள். இளங்காயின் ஓடு வெளிறி, மெல்லியதாக இருக்கும். காயும்போது அது நெளிந்துவிடும். குறுக்களவு ஏறத்தாழ 10 செ.மீ. இருந்தால் நமக்குப் போதும். நார் நீக்கிய தேங்காயைச் சுற்றிப் பார்த்தால், கண்களிலிருந்து அடிப்பக்கம் வரை மூன்று மேடான வரைகள் ஓடுவது தெரியும். விரிசல் பெரும்பாலும் இந்த வரைகளை ஒட்டியே விழும் என்பதால், அங்கே மயிரிழைக் கோடு ஏதும் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும். கண் இருக்கும் பாதியில் மெல்லிய கண் ஒன்று எப்போதும் ஓட்டையாகிவிடும். எனவே கண் இல்லாத பாதியைக் கிண்ணத்துக்கு வைத்துக்கொண்டு, கண் உள்ள பாதியிலிருந்து அடித்தாங்கியை வெட்டப் போகிறோம்.

குறியிட்டு அறுத்தல்

அரிவாளால் தட்டி உடைத்த மூடியிலும் வேலை செய்யலாம்தான், ஆனால் விளிம்பைச் சமன் செய்வதிலேயே பாதி நேரம் போய்விடும். அறுப்பதே நல்லது. முதலில் மெல்லிய கண்ணைக் குத்தி இளநீரை வடித்துவிடுங்கள். துணியைச் சும்மாடு போலச் சுருட்டி, கண்கள் மேலே இருக்குமாறு தேங்காயை அதன்மேல் நிமிர்த்தி வையுங்கள். காயின் அடிமட்டத்திலிருந்து 5.5 செ.மீ. உயரம் வரும்படி, பக்கத்தில் சில புத்தகங்களை அடுக்கி, பென்சிலை அதன்மேல் படுக்க வைத்து, பென்சிலை அசைக்காமல் தேங்காயை மட்டும் மெதுவாகச் சுற்றினால் கோடு சுற்றிலும் ஒரே மட்டத்தில் விழும்.

நுண்பல் கொண்ட ஹேக்ஸா ரம்பத்தால் இந்தக் கோட்டில் அறுக்க வேண்டும். ஒரே பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை நேராக அறுத்துச் செல்லாமல், ஓட்டின் கனமான நான்கு மில்லிமீட்டர் அளவுக்கு மட்டும் வெட்டு இறங்கியதும் காயைச் சிறிது திருப்பி, அடுத்த பகுதியை அறுங்கள். உள்ளே பருப்பு இருக்கும்போதே அறுப்பது ஓட்டுக்குத் தாங்கலாக இருக்கும். வெட்டு முழு வட்டம் வந்து சேர்ந்ததும், அரிவாளின் பின்புறத்தால் கோட்டை ஒட்டிப் பல இடங்களில் மெல்லத் தட்டினால் காய் இரண்டாகப் பிரியும்.

சுத்தம் செய்தல்

பருப்பைக் கத்தியால் நெம்பி எடுக்க முயன்றால் கத்தி உள்சுவரில் கீறலை விட்டுச் செல்லும். இரண்டு மூடிகளையும் காலை வெயிலில் வைத்துவிட்டால், பருப்பு வற்றிச் சுருங்கி இரண்டு மூன்று நாளில் தானாகவே ஓட்டை விட்டு விலகும். அதன்பின் மூடிகளைச் சில மணி நேரம் தண்ணீரில் ஊறவிட்டு, வெளியே ஒட்டியிருக்கும் நாரை உடைந்த ஹேக்ஸா பிளேடின் விளிம்பால் சுரண்டுங்கள். ஊறிய நார் பட்டை பட்டையாக உரிந்து வரும். உட்புறத்தில் எண்ணெய்ப் பசை இருக்கும். வெந்நீரிலும் பாத்திரம் துலக்கும் சோப்பிலும் தேங்காய் நாராலேயே அழுத்தித் தேய்த்துக் கழுவ வேண்டும். கழுவிய பிறகு தண்ணீர் சொட்டுச் சொட்டாகத் திரண்டு நின்றால் பசை இன்னும் போகவில்லை. தண்ணீர் படலமாகப் பரவினால் போதுமான அளவு சுத்தமாகிவிட்டது.

உலர்த்துதல்

புதியவர்கள் அவசரப்படுவது இந்தக் கட்டத்தில்தான். பருப்பைக் கழற்ற வெயில் உதவியது. ஆனால் தண்ணீரில் ஊறிய ஓட்டை அதே வெயிலில் வைக்கக் கூடாது. வெளிப்புறம் விரைந்து காய்ந்து சுருங்கும்போது உட்புறம் இன்னும் ஈரத்தில் உப்பியிருக்கும். அந்த இழுவையில்தான் மூன்று வரைகளை ஒட்டி ஓடு பிளக்கிறது. நிழலில், காற்றோட்டமான இடத்தில், வாய் கீழாகக் கவிழ்த்து, அடியில் இரண்டு குச்சிகளைக் கொடுத்துக் காய விடுங்கள். மழைக்காலம் இல்லையென்றால் நான்கைந்து நாளில் காய்ந்துவிடும்.

காய்ந்ததா என்பதைத் தொட்டுப் பார்த்துச் சொல்வது கடினம், ஏனென்றால் மேற்பரப்பு முதல் நாளிலேயே உலர்ந்துவிடும். சமையலறைத் தராசில் தினமும் எடை பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்தடுத்த இரண்டு நாட்களில் எடை மாறாமல் இருந்தால் ஓடு உலர்ந்துவிட்டது என்று கொள்ளலாம். ஈரம் தங்கிய ஓட்டில் பாலிஷ் பூசினால் சில வாரங்களில் வெண்திட்டுகள் தோன்றும், அல்லது பாலிஷுக்கு அடியில் பூஞ்சணம் கருமையாகப் படரும். அதன்பின் பூச்சு முழுவதையும் தேய்த்து எடுப்பதைத் தவிர வேறு வழியில்லை.

தேய்த்தல்

சிரட்டைத் தூள் மிக நுண்ணியது, மூச்சில் கலந்தால் கெடுதி. திறந்த வெளியில், மூக்கையும் வாயையும் மூடும் முகக்கவசம் அணிந்து இந்த வேலையைச் செய்ய வேண்டும். 80, 120, 220, 400 ஆகிய எண்களில் உப்புத்தாள் வாங்கிக்கொள்ளுங்கள். எண் கூடக் கூடத் தாள் நயமாகும்.

முதலில் விளிம்பு. 80 எண் தாளைச் சமமான தரையிலோ கண்ணாடிப் பலகையிலோ விரித்து, கிண்ணத்தை அதன்மேல் கவிழ்த்து வட்டமாகத் தேயுங்கள். விளிம்பு முழுவதும் ஒரே நிறத்தில் வெளுத்துத் தெரிந்தால் மட்டம் சேர்ந்துவிட்டது. எங்காவது கருமை எஞ்சியிருந்தால் அங்கே இன்னும் பள்ளம் உள்ளது. அடுத்து வெளிப்புறம். நார் இருந்த தடங்கள் மறையும் வரை 80 எண் தாளை விடக் கூடாது. அந்தத் தடங்களை நயத்தாளால் நீக்க முயல்வது வீண் உழைப்பு. பிறகு 120, 220, 400 என்று வரிசையாக ஏறுங்கள். ஒவ்வொரு தாளுக்குப் பின்னும் ஈரத்துணியால் ஒருமுறை துடைத்தால், முந்தைய தாளின் கீறல்கள் வெள்ளை இழைகளாகத் தெரியும். அவை மறைந்த பின்பே அடுத்த எண்ணுக்குப் போக வேண்டும். 220 எண்ணைத் தாண்டும்போது கரும்பழுப்பில் வெளிர் புள்ளிகளும் கோடுகளும் ஓடும் சிரட்டையின் இயல்பான அழகு வெளிவரத் தொடங்கும். இத்தனை பொறுமைக்கும் அதுவே காரணம் என்பேன். உட்புறத்துக்கு 120 எண் வரை போதும்.

அடித்தாங்கி

கண் உள்ள பாதியில், வெளிக் குறுக்களவு 5 செ.மீ. ஆக இருக்கும் இடத்தில் ஒரு கோடும், அங்கிருந்து வாய்ப்பக்கமாக 1.5 செ.மீ. தள்ளி மற்றொரு கோடும் போட்டு, இரண்டிலும் அறுத்தால் ஒரு வளையம் கிடைக்கும். இதன் குறுகிய விளிம்பில் கிண்ணம் உட்காரும், அகன்ற விளிம்பு தரையில் நிற்கும். அகன்ற விளிம்பை முன்போலவே தரையில் தேய்த்துச் சமன் செய்யுங்கள். குறுகிய விளிம்பு கிண்ணத்தின் வளைவோடு பொருந்த வேண்டும். அதற்குக் கிண்ணத்தைக் கவிழ்த்து, அதன் அடிமீது உப்புத்தாளைச் சொரசொரப்பான பக்கம் மேலே இருக்குமாறு போர்த்தி, வளையத்தை அதன்மேல் வைத்து இருபுறமும் திருப்பித் திருப்பித் தேயுங்கள். சிறிது நேரத்தில் வளையத்தின் விளிம்பு அந்த வளைவைத் தானே வாங்கிக்கொள்ளும்.

வழவழப்பான பரப்பில் பசை நிற்காது. ஆகவே ஒட்டும் இரண்டு இடங்களையும் 80 எண் தாளால் மீண்டும் சொரசொரப்பாக்கி, இரண்டு குழாய்களாக வரும் எபாக்சி பசையைச் சம அளவில் கலந்து தடவி, மேலே சிறு பாரம் வைத்து ஒரு நாள் முழுவதும் அசைக்காமல் விடுங்கள். இடுக்கு தெரிந்தால், தேய்க்கும்போது சேர்த்த சிரட்டைத் தூளை அதே பசையில் குழைத்து அடைக்கலாம்.

பூச்சு

பலர் தேங்காய் எண்ணெயைத் தடவிப் பளபளப்பாக்குகிறார்கள். அன்றைக்கு அழகாகத்தான் இருக்கும். ஆனால் தேங்காய் எண்ணெய் எத்தனை நாளானாலும் படலமாக இறுகுவதில்லை. தூசியைப் பிடித்து, நாளடைவில் சிக்கு வாடை வீசும். தச்சர்கள் மரத்துக்குப் பூசும் அரக்குப் பாலிஷே இந்த வேலைக்குப் பொருத்தமானது என்பது என் கருத்து. ஹார்டுவேர் கடையில் ஆயத்தமாகவே கிடைக்கும். நீங்களே கலப்பதானால் 100 மி.லி. பாலிஷ் ஸ்பிரிட்டில் 20 கிராம் அரக்குச் செதிலைப் போட்டு, மூடிய கண்ணாடிப் புட்டியில் ஓர் இரவு ஊறவிட்டு, துணியில் வடிகட்டுங்கள். ஸ்பிரிட் எளிதில் தீப்பற்றும். அடுப்போ விளக்கோ எரியும் இடத்தில் இந்தப் புட்டியைத் திறக்கவே கூடாது.

பருத்தித் துணியைச் சிறு பந்தாகச் சுருட்டி, பாலிஷில் நனைத்துப் பிழிந்து, கிண்ணத்தின் வெளிப்புறத்திலும் அடித்தாங்கியிலும் மெல்லியதாக ஒருமுறை மட்டும் இழுங்கள். பூசிய இடத்தையே மீண்டும் மீண்டும் தேய்த்தால் பாதி காய்ந்த படலம் கிழிந்து வரிவரியாகும். ஒரு மணி நேரம் கழித்து 400 எண் தாளால் மிக இலேசாகத் தேய்த்துத் துடைத்து, அடுத்த பூச்சைக் கொடுங்கள். மூன்று பூச்சு போதும். மழை நாளில் பூசினால் காற்றின் ஈரம் படலத்தில் சிக்கி வெண்மை பூக்கும் என்பதால் வறண்ட நாளாகப் பார்த்துக்கொள்ளுங்கள். கிண்ணத்தின் உட்புறத்துக்கும் மேல்விளிம்புக்கும் பாலிஷ் வேண்டாம். சூட்டில் அரக்கு இளகும், தீச்சுடரும் அதற்கு அருகில்தான் இருக்கப்போகிறது. பூச்சு நன்றாக இறுக ஒரு வாரம் விட்ட பிறகே விளக்கேற்ற வேண்டும்.

விளக்கை வைத்தல்

கழுவிக் காயவைத்த ஆற்று மணலைப் பயன்படுத்துங்கள். டீ லைட் மெழுகு வைப்பதானால் 1 செ.மீ. மணல் போதும். கிண்ணத்தின் வாய் 9 செ.மீ. இருக்கையில், 4 செ.மீ. அகலமுள்ள மெழுகைச் சரியாக நடுவில் வைத்தால் சுடருக்கும் சுவருக்கும் இடையே நான்கு செ.மீ.க்கு மேல் இடைவெளி கிடைக்கும். ஒரு கிண்ணத்தில் ஒரு மெழுகு மட்டுமே.

அகலுக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது. திரி அகலின் மூக்கில் எரிவதால் சுடர் சிரட்டையின் விளிம்புக்கு மிக அருகில் வந்துவிடும். ஆகையால் மணலை 3 செ.மீ. வரை நிரப்பி, அகலின் விளிம்பு சிரட்டை விளிம்பைவிடக் குறைந்தது ஒரு செ.மீ. உயர்ந்து நிற்குமாறு வைக்க வேண்டும். புது அகலைச் சில மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து, ஈரம் உலர்ந்தபின் எண்ணெய் ஊற்றினால் மண் எண்ணெயை உறிஞ்சுவது குறையும். மணலில் கசிவதும் குறையும்.

முதல்முறை ஏற்றும்போது பக்கத்திலேயே இருங்கள். கால் மணி நேரம் கழித்துச் சிரட்டையின் வெளி விளிம்பை விரலால் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் சரி. விரலை வைத்திருக்க முடியாத அளவு சுட்டால் உடனே அணைத்து, மெழுகை நடுவுக்கு நகர்த்துங்கள் அல்லது அகலை இன்னும் உயர்த்துங்கள். உட்சுவரில் எங்காவது பழுப்பு கருமையாக மாறியிருந்தால் அந்த இடம் கருகத் தொடங்கிவிட்டது. அந்தக் கிண்ணத்தை இனி பூ வைக்கவோ சில்லறை போடவோ வைத்துக்கொள்ளுங்கள். கார்த்திகை நாட்களில் போலத் தொடர்ந்து அகல் ஏற்றினால் மணலில் எண்ணெய் ஊறிக்கொண்டே போகும். எண்ணெய் ஊறிய மணலே திரியைப் போல எரியக்கூடும் என்பதால், மணல் கருத்து ஒட்டத் தொடங்கியதும் அதைக் கொட்டிவிட்டுப் புது மணல் நிரப்ப வேண்டும்.